"சோறாக்க ஆளில்லை" என்று சொல்லாதீர்கள்



சென்ற ஆண்டு ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின், மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னைத் தேடி மதரஸாவுக்கு வந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மனைவி மவ்த்தாகி ஆறு ஆண்டுகள். ஒரு மகன், இரண்டு மகள்கள், மூவருக்கும் திருமணமாகிவிட்டது. கணவரை இழந்த ஒரு பெண்மணியை நிக்காஹ் செய்ய அவர் நாடியிருந்தார். மார்க்கத்தில் அதற்கு அனுமதி உண்டு என்பது அவருக்கே தெரியும். "பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது, ஹஜ்ரத்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

ஏற்கனவே ஒருமுறை சொல்லிப் பார்த்திருக்கிறார். "எனக்குச் சோறாக்கிப் போட ஆளில்லை" என்று தொடங்கியிருக்கிறார். ஆறு ஆண்டுகளாக மூன்று வேளையும் அவருக்குப் பரிமாறிய மருமகள் அழுதுகொண்டே அடுக்களைக்குள் சென்றுவிட்டார். "நாங்கள் என்ன குறை வைத்தோம், அத்தா?" என்று மகன் கேட்டாராம். பேச்சு அங்கேயே முறிந்துவிட்டது.

இந்தத் தவறு நம் வீடுகளில் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. வெட்கத்தால் உண்மைக் காரணத்தை மறைத்து, சமையலையும் மருந்து எடுத்துக் கொடுப்பதையும் காரணமாகச் சொல்கிறோம். அந்தச் சொல், பணிவிடை செய்த மருமகளைக் குற்றவாளியாக்குகிறது. வரப்போகும் பெண்மணியை வேலைக்காரியாக்குகிறது. அர்ரூம் அத்தியாயத்தின் 21ஆம் வசனம் இல்வாழ்வின் நோக்கமாக மன அமைதியையும் அன்பையும் கருணையையும் கூறுகிறது. அங்கே உணவைப் பற்றிய பேச்சே இல்லை. ஆகவே உண்மையைச் சொல்வதே மேல்: "இஷாவுக்குப் பின் மனம்விட்டுப் பேச எனக்கு ஒருவர் இல்லை. நீங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. இது பிள்ளைகளால் நிரப்ப முடியாத இடம்."

அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களின் வரலாறு நாம் அறிந்ததே. கணவர் அபூ ஸலமா (ரலி) உஹதில் பட்ட காயத்தால் மறைந்தபின், நபி (ஸல்) அவர்கள் அவரைப் பெண் கேட்டார்கள். அன்னையவர்கள் தம் வயதையும், தமக்குள்ள ரோஷ உணர்வையும், பிள்ளைகளையும் எடுத்துரைத்தார்கள். தம் மனத்தில் இருந்த தடைகளில் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பதில் கிடைத்த பின்னரே நிக்காஹ் நடந்தது. பிள்ளைகளிடம் பேசும்போதும் இந்த வெளிப்படைத்தன்மை வேண்டும்.

இரண்டாவது, மறைந்தவரின் பெயரைத் தவிர்க்காதீர்கள். தாயின் இடத்தை அழிக்கிறாரோ என்பதே பிள்ளைகளின் முதல் அச்சம். நபி (ஸல்) அவர்கள் அன்னை கதீஜா (ரலி) மறைந்து பல்லாண்டுகள் ஆன பின்பும் ஆடு அறுத்தால் அவர்களுடைய தோழியருக்குப் பங்கு அனுப்பினார்கள். "உங்களுக்குப் புது அம்மா வருகிறார்" என்று வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். அவர்களுடைய அம்மா ஒருவர்தான்; வருபவர் உங்கள் மனைவி.

மூன்றாவது, பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் சொத்து. அந்தப் பெரியவரின் வீட்டில் மறைந்த மனைவியின் 16 பவுன் நகை ஆறு ஆண்டுகளாகப் பங்கிடப்படாமல் பீரோவிலேயே இருந்தது. மனைவியின் பெற்றோர் உயிருடன் இல்லை. கடனும் வசிய்யத்தும் இல்லை. பிள்ளைகள் இருப்பதால் கணவருக்கு நான்கில் ஒரு பங்கு, அதாவது 4 பவுன். மீதி 12 பவுனில் மகனுக்கு 6, மகள்களுக்குத் தலா 3. "முதலில் இதைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள்" என்றேன். அம்மாவின் நகை இன்னொருவர் கழுத்துக்குப் போகுமோ என்ற அச்சத்தை எந்த இனிய பேச்சும் தீர்க்காது. அவர் காலத்திற்குப் பின் அவருடைய சொத்தில் புதிய மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு உண்டு என்பதையும் முன்பே சொல்லிவிடச் சொன்னேன். மறைத்த பங்கு பின்னாளில் வழக்காகும்.

தாய்க்கு இந்தப் பேச்சு இன்னும் கடினம். "ஊர் என்ன சொல்லும்" என்று மகனே முதலில் கேட்பான். ஆனால் கன்னிப் பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாக ஏற்கும் மார்க்கம், கணவரை இழந்தவரிடம் வாய்திறந்த சொல்லையே கேட்கிறது. அவருக்காக வேறு யாரும் முடிவு செய்யக் கூடாது என்பதே அதன் பொருள். முதல் கணவரின் சொத்தில் அவருக்குக் கிடைத்த பங்கும் மறுமணத்தால் பறிபோகாது. அவர் மகனிடம், "உன் கருத்தைக் கேட்கிறேன், உன் மனம் ஆற அவகாசமும் தருகிறேன்" என்று சொல்லலாம். "அனுமதி கொடு" என்று கெஞ்ச வேண்டியதில்லை.

எதுவானாலும் ஜமாஅத் தஃப்தரில் பெயர் ஏறுவதற்கு முன், பிள்ளைகள் பெற்றோரின் வாயாலேயே கேட்கட்டும். தெருவில் கேட்ட செய்தி நல்லதாக இருந்தாலும் அவமானமாகவே தைக்கும்.

அந்தப் பெரியவர் நகையைப் பங்கிட்டுக் கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து நிக்காஹ் நடந்தது. மகன் வந்திருந்தார். இளைய மகள் வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஜும்ஆவுக்குப் பின்னும் அத்தாவுக்குத் தொலைபேசியில் பேசுகிறார். அந்த மனமும் இளக வல்ல அல்லாஹ் அருள்வானாக.

வஸ்ஸலாம்.