ஒரு கால் மட்டும் வீங்கினால் தேய்த்துவிடாதீர்கள்



போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் பொறுத்துக்கொண்ட மாதிரி இதையும் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

என் அக்காவுக்கு வயது 64. சென்னையில் மகன் வீட்டில் இருந்தபோது காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் படுத்த படுக்கை. பாத்ரூம் போக மட்டும்தான் எழுந்திருக்கிறார். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே ஊரில் ஒரு கல்யாணம் என்று ராத்திரி பஸ் ஏறிவிட்டார். படுக்கை வசதி இல்லாத சீட்டு. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து, விடியற்காலை அருப்புக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வீரசோழன். வழியில் எங்கேயும் இறங்கவில்லை. இறங்க வேண்டி வரும் என்றுதான் தண்ணீரே குடிக்காமல் வந்திருக்கிறார். நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான்.

வந்த மூன்றாம் நாள் இடது கெண்டைக்காலில் வலி. "பஸ்ல உக்காந்து வந்த அசதி தம்பி, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றார். நானும் ஆமாம் போட்டேன். முதல் நாள் தைலம். மறுநாள் கால் லேசாக வீங்கியது. பக்கத்தில் ஒரு இடத்தில் காட்டினோம். காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வாய்வு என்று சொல்லி வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள், சுளுக்கு எடுக்கிறவரை நானே போய்க் கூட்டி வந்தேன். விளக்கெண்ணெயைக் காய்ச்சி, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அழுத்தி உருவிவிட்டார். இதைச் செய்யச் சொன்னவன் நான்தான். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இந்தப் பதிவு.

அன்று சாயங்காலம் என் பழைய மாணவி ஒருத்தி அக்காவைப் பார்க்க வந்தாள். அவள் அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். எண்ணெய் மினுங்கிய காலைப் பார்த்ததும், "சார், யாரு இதத் தேய்க்கச் சொன்னது?" என்று கேட்டாள். அப்படி ஒரு குரலில் அவள் என்னிடம் பேசியதே இல்லை. தையல் மிஷினில் கிடந்த டேப்பை எடுத்தாள். முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்துத் தெரியும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே, இரண்டு காலிலும் பேனாவால் கோடு போட்டாள். அந்தக் கோட்டில் சுற்றளவு எடுத்தாள். வலது கால் 33.5. இடது கால் 37.5. பிறகு கணைக்கால் எலும்பு மேல் கட்டைவிரலால் சற்று நேரம் அழுத்தி எடுத்தாள். இடது காலில் மட்டும் குழி விழுந்து அப்படியே நின்றது.

"உள் ரத்தக்குழாயில ரத்தம் உறைஞ்சிருக்கலாம் சார். இல்லைன்னு தெரியிற வரைக்கும் இருக்குன்னுதான் வச்சுக்கணும். இன்னைக்கே போகணும்" என்றாள்.

அவள் செய்தது வெறும் அனுமானம் இல்லை என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. கனடாவைச் சேர்ந்த வெல்ஸ் என்ற மருத்துவர் 1990களில் இதற்காக ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியிருக்கிறார். உலகம் முழுக்க மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆயுசு முழுக்க மார்க் போட்டவன் என்பதால் எனக்கு இது பிடித்துப் போனது. அக்காவுக்கு நானே போட்டுப் பார்த்தேன். சமீபத்தில் மூன்று நாளுக்கு மேல் படுக்கையில் இருந்ததற்கு ஒன்று. ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பருத்திருப்பதற்கு ஒன்று. உள்குழாய் ஓடும் தடத்தில் அமுக்கினால் வலிப்பதற்கு ஒன்று. அந்தக் காலில் மட்டும் அழுத்தினால் குழி விழுவதற்கு ஒன்று. மொத்தம் நாலு. இரண்டு வந்தாலே உறைகட்டி இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்கு. புற்றுநோய் சிகிச்சை, காலில் மாவுக்கட்டு, சமீபத்திய பெரிய ஆபரேஷன், முன்பே ஒரு தடவை உறைகட்டி வந்தது என்று இன்னும் சிலவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. அடிபட்டது, புண் பழுத்தது என்று அதே அளவு பொருந்துகிற வேறு காரணம் தெரிந்தால் இரண்டைக் கழிக்க வேண்டும்.

இது ஏன் நடக்கிறது என்பதை நம் ஊர் ஆட்களுக்கு எளிதாகச் சொல்லலாம். காலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் மேட்டில் ஏற வேண்டும். அதை ஏற்றிவிடும் பம்ப்செட் கெண்டைச் சதைதான். நடக்கும்போது அந்தச் சதை இறுகி, உள்குழாயைப் பிழிந்து, ரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாலோ, நாள்கணக்கில் படுத்தாலோ பம்ப்செட் நின்றுவிடும். ஓட்டம் நின்ற வாய்க்காலில் மடை ஓரமாக வண்டல் படிகிற மாதிரி, குழாய்க்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகளின் ஓரத்தில் ரத்தம் உறையத் தொடங்குகிறது. காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம், சில மாத்திரைகள் ஆகியவை ரத்தத்தை எளிதில் உறைகிறதாக ஆக்கிவிடும். அக்காவுக்குக் காய்ச்சல், படுக்கை, பஸ் மூன்றும் சேர்ந்துகொண்டன.

காலில் இருக்கும்வரை அது வலியும் வீக்கமும்தான். அதிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்தால் ரத்தத்தோடு மேலே போய், இதயத்தின் வலது பக்கம் வழியாக நுரையீரல் குழாயில் போய் அடைக்கும். பெரிய துண்டாக இருந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். கால் வலி என்று இருந்தவர் திடீரென்று மூச்சுத் திணறினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, நடக்க வைக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

இதனால்தான் தேய்ப்பதை எதிர்த்து இவ்வளவு சொல்கிறேன். அழுத்தி உருவிய பிறகு உறைகட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. எல்லோருக்கும் அப்படி ஆகிவிடாது. ஆனால் எல்லோருக்கும் ஆகிற நஷ்டம் ஒன்று உண்டு. தைலம் ஒரு நாள், ஒத்தடம் ஒரு நாள், சுளுக்கு ஒரு நாள் என்று நாள் ஓடிவிடுகிறது. அத்தனை நாளும் கட்டி மேல்நோக்கி வளரலாம். எங்கள் வீட்டில் ஓடியது மூன்று நாள்.

அன்று ராத்திரியே அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அந்த நேரத்தில் ஸ்கேன் எடுக்க ஆள் இல்லை. ஆனாலும் அங்கிருந்த மருத்துவர் காலை வரை சும்மா வைத்திருக்கவில்லை. ரத்தக்கசிவு நோய், வயிற்றுப் புண் ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டு, உறைவைத் தடுக்கும் ஊசியை முதலில் போட்டார். ஸ்கேன் தாமதமாகும் என்றால் சந்தேகத்தின் பேரிலேயே மருந்தைத் தொடங்குவதுதான் முறை என்றார். காலையில் டாப்ளர் ஸ்கேன். ஸ்கேன் கருவியால் குழாயை மேலிருந்து அமுக்குகிறார்கள். நல்ல குழாய் அமுங்கித் தட்டையாகிவிடும். உள்ளே கட்டி இருந்தால் அமுங்காது. அக்காவுக்கு முழங்காலுக்குப் பின்னால் அமுங்கவில்லை. அங்கிருந்து தொடை வரை ஏறியிருந்தது.

இப்போது மாத்திரையில் இருக்கிறார். குறைந்தது மூன்று மாதம். வலி போய்விட்டது என்று நடுவில் நிறுத்தக் கூடாது, கடையில் வலி மாத்திரை வாங்கிச் சேர்த்துப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஆபத்து. ஒன்றில் உறைவு திரும்பும், மற்றதில் ரத்தக்கசிவு வரும்.

பரிசோதனைக்கும் எல்லை உண்டு. டி-டைமர் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. மதிப்பெண் குறைவாக இருப்பவருக்கு அது இயல்பாக வந்தால் பயமில்லை. மதிப்பெண் கூடுதலாக இருந்தால் அதை மட்டும் நம்பாமல் ஸ்கேனும் எடுக்க வேண்டும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தும் சந்தேகம் தீரவில்லையானால், ஒரு வாரத்தில் திரும்ப எடுக்கச் சொல்வார்கள்.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் கதை இதற்குப் பொருந்தும். 2017 செப்டம்பரில் சிசேரியனில் குழந்தை பிறந்த மறுநாள் அவருக்கு மூச்சுத் திணறியது. 2011இலேயே நுரையீரலில் உறைகட்டி வந்தவர். உடனே நர்ஸிடம் போய், சிடி ஸ்கேன் வேண்டும், ஹெப்பாரின் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வலி மருந்தின் குழப்பத்தில் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். முதலில் காலில் ஸ்கேன் செய்தார்கள், ஒன்றுமில்லை. அவர் விடாமல் கேட்ட பிறகு சிடி எடுத்தபோது நுரையீரலில் பல சின்னக் கட்டிகள் இருந்தன. உலகமே அறிந்தவருக்கே அந்த நிலை. வீரசோழனிலிருந்து போகிற நம் அம்மாக்கள் எப்படிக் கேட்பார்கள்? கூடப் போகிறவர்தான் கேட்க வேண்டும். "ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, இத்தனை நாள் படுக்கையில இருந்தாங்க, இத்தனை மணி நேரம் பஸ்ல வந்தாங்க, ரத்தம் உறைஞ்சிருக்கான்னு பாருங்க" என்று இந்த வரிசையில் சொல்லுங்கள். வெறும் "கால் வலி" என்று சொன்னால் கால் வலிக்குத்தான் மருந்து கிடைக்கும்.

இதைப் படித்துவிட்டு யாரும் பயணத்துக்குப் பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று சொன்னார்கள். விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாம் ஒன்றுதான். ஆனாலும் நல்ல உடம்புக்காரருக்கு அது சுமார் ஆறாயிரத்தில் ஒருவருக்குத்தான். பயணம் முடிந்து சில வாரங்கள் வரைக்கும் வரலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு காலும் சமமாக வீங்கி, தூங்கி எழுந்ததும் வடிந்தால் அது பெரும்பாலும் உட்கார்ந்து வந்த வீக்கம்தான். ஸ்கேனுக்குப் போகிறவர்களிலும் பெரும்பாலோருக்குக் கட்டி இருப்பதில்லை. "வீணாப் போச்சே ஸ்கேன் காசு" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இல்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் காசு.

தண்ணீர் குடிக்காததால் மட்டும் உறைகட்டி வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீர் குடிக்காதவர் பஸ் நிற்கும் இடத்தில் இறங்குவதில்லை, இறங்காதவர் நடப்பதில்லை. வெளியூரிலிருந்து அம்மாவையோ அத்தையையோ பஸ்ஸில் ஏற்றிவிடும் பிள்ளைகள், படுத்து எழுந்து எத்தனை நாளாயிற்று என்று பாருங்கள். உடம்பு தேறாதவரைக் கல்யாணத்துக்காக அனுப்பாதீர்கள். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, துணைக்கு ஆளோடு அனுப்புங்கள்.

அக்கா இப்போது வாசல்வரை நடக்கிறார். தையல் டேப் மிஷினில் இல்லை, ஆணியில் தொங்குகிறது. ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அளவில் 3 சென்டிமீட்டர் வரவில்லை என்பதற்காக யாரும் வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அது ஒரு மதிப்பெண்தான், முழுப் பரீட்சை இல்லை. படுக்கைக்கோ பயணத்துக்கோ பின்னால் ஒரு கால் மட்டும் வலித்து வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்