'ஒரு' குறைக்கும், 'அ' கூட்டும்

மலையகப் பாடசாலைகளில் ஆங்கில இலக்கணம் படித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: 'ஃபியூ' என்றால் என்ன, 'அ ஃபியூ' என்றால் என்ன? "ஃபியூன்னா சில, அ ஃபியூன்னா ஒரு சில" என்று பட்டென்று பதில் வரும். கொப்பியிலும் அப்படித்தான் எழுதி வைத்திருப்போம். அ என்றால் ஒரு, ஃபியூ என்றால் சில, ரெண்டையும் சேர்த்தால் ஒரு சில. கணக்கு சரியாகத்தான் இருக்கு. அர்த்தம்தான் தலைகீழ்.

நம்ம பேச்சில் 'ஒரு' என்ன செய்கிறது என்று கொஞ்சம் கவனிப்போம். "காலையில பெரட்டுக்குச் சில பேர் வந்தாங்க" என்றால் வந்தவர்களைப் பற்றிப் பேசுகிறோம். "ஒரு சில பேர் வந்தாங்க" என்று சொன்னதும் தொகை சுருங்கிப் போகிறது. அதற்குப் பின்னால் ஒரு 'தான்' அல்லது 'மட்டும்' வரும் என்று காது எதிர்பார்க்கிறது. அதாவது தமிழில் 'சில' முன்னால் வரும் 'ஒரு' குறைக்கிற வேலையைச் செய்கிறது.

ஆங்கிலத்தில் அந்தச் சின்ன 'அ' செய்வது இதற்கு நேர் எதிர். அது கூட்டுகிறது. 'ஃபியூ' என்று மொட்டையாகச் சொன்னால் அது குறைப்பட்டுக்கொள்கிற சொல்: எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். முன்னால் 'அ' வந்துவிட்டால் அதே சொல் ஆறுதலாகிவிடும்: இருக்கு, கொஞ்சமாவது இருக்கு. எண்ண முடிகிறவற்றுக்கு ஃபியூ, எண்ண முடியாத தண்ணீர், சீனி, நேரம் போன்றவற்றுக்கு லிட்டில். ரெண்டிலும் 'அ'வின் வேலை ஒன்றே.

இதில் மூன்று பேருக்கு ஃபியூ, ஐந்து பேருக்கு அ ஃபியூ என்று அளவு எதுவும் கிடையாது. மலையில் ஐந்து பேர் கொழுந்து எடுக்கிறார்கள் என்று வையுங்கள். இருபது பேரை எதிர்பார்த்த கணக்கப்பிள்ளை, "ஆளே வரல்ல, அஞ்சு பேருதான்" என்பார். அது ஃபியூ. மழையைப் பார்த்து யாருமே வரமாட்டார்கள் என்று நினைத்திருந்த கங்காணி, "பரவால்ல, அஞ்சு பேர் வந்திருக்காங்க, ஆரம்பிப்போம்" என்பார். அது அ ஃபியூ. ஆட்கள் அதே ஐந்து பேர்தான். மாறியது பார்க்கிறவருடைய எதிர்பார்ப்பு. ஆங்கிலம் 'அ'வைப் போட்டோ எடுத்தோ காட்டுவதை நாம் 'தான்' என்ற ஒட்டாலும் 'வரல்ல', 'இல்ல' என்ற எதிர்மறையாலும் காட்டுகிறோம். எனவே 'கொஞ்சம் இருக்கு' என்பது அ லிட்டில். 'கொஞ்சந்தான் இருக்கு' என்பது லிட்டில். லயத்தில் எந்தக் குழந்தைக்கும் இந்த வித்தியாசம் தெரியும். கொப்பியில் எழுதும்போதுதான் அது தொலைந்துபோகிறது.

"சரி, ஒரு எழுத்துக்கு இவ்வளவு பேச்சா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இந்த நாட்டில் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் 'கடுவ', அதாவது வாள், என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். உச்சரிப்புப் பிசகினால் சிரிப்பவர்களை எங்களுக்கும் பிடிக்காது. அந்தச் சிரிப்பை நாங்கள் இங்கே எடுத்துக்கொண்டு வரவில்லை. இந்த 'அ' அப்படிப்பட்ட மேனாமினுக்கி விஷயம் இல்லை. இது தவறினால் நீங்கள் சொல்ல வந்ததற்கு எதிரானதைச் சொல்லிவிடுகிறீர்கள். இலக்கணம் சரியாக இருப்பதால் யாரும் திருத்தவும் மாட்டார்கள்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி எழுதிய கடிதத்தின் வரைவை எங்களிடம் காட்டினார்கள். லயத்துக்குத் தண்ணீர் வரும் தொட்டி வற்றிப்போன கதை. தோட்ட ஆபீஸில் பல வேலைகள் இன்னமும் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது, அதனால் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார். முதல் வரி: 'வீ ஹேவ் அ லிட்டில் வோட்டர்'. இரண்டாவது வரி: 'அ ஃபியூ ஃபெமிலீஸ் ஹேவ் டெப்ஸ்'. அதற்குப் பிறகு, ஆகவே பவுசரில் தண்ணீர் அனுப்புங்கள் என்ற வேண்டுகோள்.

இதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வாசித்துப் பாருங்கள். "எங்களிடம் கொஞ்சம் தண்ணீர் இருக்கு. சில குடும்பங்களுக்குக் குழாய் இருக்கு." அப்புறம் எதற்குப் பவுசர்? தம்பி சொல்ல நினைத்தது, தண்ணீர் அனேகமாக இல்லை, குழாய் உள்ள வீடும் அனேகமாக இல்லை என்பது. ரெண்டு இடத்திலும் 'அ'வை எடுத்துவிட்டால் போதும்: 'வீ ஹேவ் லிட்டில் வோட்டர்', 'ஃபியூ ஃபெமிலீஸ் ஹேவ் டெப்ஸ்'. இப்போது வேண்டுகோளுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

பிழையைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. வாக்கியத்துக்குப் பின்னால் 'அதனால்' என்று போட்டு, அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள். அ லிட்டில் வோட்டர், அதனால் ஞாயிறு வரைக்கும் சமாளிக்கலாம். லிட்டில் வோட்டர், அதனால் சமாளிக்க முடியாது. உங்கள் 'அதனால்' எந்தப் பக்கம் போகிறதோ அதைப் பொறுத்து 'அ' இருக்க வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கலாம். இன்னும் சந்தேகமா? குறைதான் சொல்கிறீர்கள் என்றால் முன்னால் 'வெரி' போட்டுவிடுங்கள். வெரி லிட்டில் வோட்டர், வெரி ஃபியூ ஃபெமிலீஸ். வெரிக்கும் ஃபியூவுக்கும் நடுவில் 'அ' உட்கார இடமே இல்லை, எனவே பிழை விடவும் இடமில்லை. இங்கிலீஷ்காரர்களே பேச்சில் மொட்டை ஃபியூவை அவ்வளவாகச் சொல்வதில்லை. 'நொட் மெனி', 'நொட் மச்' என்று எதிர்மறையை வெளிப்படையாகவே போட்டுவிடுவார்கள். கேட்கும்போது நமக்கும் அதுதான் நல்லது. பேச்சில் அந்த 'அ' முன்சொல்லோடு ஒட்டி விழுங்கப்பட்டுவிடும், காதில் விழுந்ததா இல்லையா என்றே தெரியாது.

லிட்டிலில் மட்டும் ஒரு குழி உண்டு. 'அ லிட்டில் டேங்க்' என்றால் கொஞ்சம் தொட்டி இல்லை, சின்னத் தொட்டி. அங்கே 'அ' டேங்குக்குச் சொந்தம், லிட்டிலுக்கு இல்லை. பின்னால் வருவது எண்ணக்கூடிய ஒற்றைப் பொருளா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இனி நம்ம வரலாற்றுக்கு வருவோம். ஏனென்றால் இந்த வித்தியாசம் வலிக்கிற இடம் அதுதான்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம், 1949இல், இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. இத்தனை வருஷம் இங்கே வசித்தோம் என்று நிரூபித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றது. விண்ணப்பங்களில் அடங்கியவர்கள் சுமார் 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர். 1960களின் தொடக்கம் வரை அதன் கீழ் குடியுரிமை கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. ஆறு பேரில் ஒருவர் என்றுகூடச் சொல்ல முடியாது, அதற்கும் சற்றுக் குறைவு.

இதை ஒரு பிள்ளை ஆங்கிலக் கட்டுரையில் எழுத வேண்டும். "ஒரு சிலருக்கே கிடைத்தது" என்று மனதில் தமிழில் ஓடுகிறது. கை 'அ ஃபியூ' என்று எழுதுகிறது. இங்கே ஒரே 'அ'வில் ரெண்டு சேதம். முதலாவது தொனி: சிலருக்குக் கிடைத்தது, கதவு திறந்துதான் இருந்தது என்று ஆகிவிடுகிறது. சட்டத்தைக் குற்றம் சொல்ல வந்த வாக்கியம் சட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிறது. இரண்டாவது தொகை: 'அ ஃபியூ' கைவிரலால் எண்ணிவிடக்கூடிய சின்னத் தொகையைத்தான் காட்டும். 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரை அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

'ஃபியூ' என்று எழுதினால் ரெண்டும் சரியாகிவிடும். ஃபியூவுக்கு விகிதத்தைப் பார்க்கிற கண் உண்டு. 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் நிறையப் பேர்தான். ஆனால் 8 இலட்சத்து 25 ஆயிரத்துக்கு முன்னால் வைத்தால் ஃபியூ. கேட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை என்பதை அந்தச் சொல் தனியாக நின்றே சொல்லிவிடுகிறது. வாசிக்கும்போதும் இதே கவனம் வேண்டும். நம்மைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிக்கையில் 'ஃபியூ' என்று வந்தால், அதைத் தமிழில் 'சிலர்' என்று பெயர்ப்பது பாதி உண்மையை மறைப்பது. 'மிகச் சிலரே' என்றோ 'பெரும்பாலோருக்கு இல்லை' என்றோ பெயர்க்க வேண்டும்.

எங்கள் சண்டை அந்த அட்டவணையோடுதான். நேர்மறை, எதிர்மறை, எண்ணக்கூடியது, எண்ண முடியாதது என்று நான்கு கட்டம் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள். கட்டம் பிழையில்லை. இடைவெளி நிரப்பும் கேள்விக்கு அது போதும். கடிதம் எழுதும்போது அந்தக் கட்டம் ஞாபகத்துக்கு வருவதில்லை, 'ஒரு சில'தான் வருகிறது. முதல் பாடத்திலேயே 'கொஞ்சம் இருக்கு', 'கொஞ்சந்தான் இருக்கு' என்ற ரெண்டு வாக்கியத்தைப் பலகையில் எழுதி, சொல்கிறவர் ஆறுதல்படுகிறாரா அலுத்துக்கொள்கிறாரா என்று கேட்டால், பிள்ளை தன் காதை நம்பத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு அட்டவணை தந்தால் அது ஒட்டும்.

'அ' இல்லாத எல்லா ஃபியூவும் குறைப்படுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 'த லாஸ்ட் ஃபியூ மன்த்ஸ்' என்றால் கடந்த சில மாதங்கள், அவ்வளவுதான், அதில் முறைப்பாடு எதுவும் இல்லை. 'எவ்ரி ஃபியூ டேஸ்' என்பதும் அப்படியே. அங்கே 'அ' உட்கார வேண்டிய நாற்காலியில் 'த'வோ 'எவ்ரி'யோ உட்கார்ந்திருக்கிறது. 'ஒன்லி அ ஃபியூ' என்றால் 'அ' இருந்தும் குறைதான், நம்ம 'ஒரு சிலர் மட்டும்' சரியாகப் பொருந்துகிற இடம் அதுதான். எல்லாவற்றையும்விட வேடிக்கை 'குவைட் அ ஃபியூ'. குவைட் என்றால் ஓரளவு, எனவே ஓரளவு சிலர் என்று நினைப்போம். ஆனால் அதன் அர்த்தம் கணிசமான பேர். யாராவது உங்கள் கூட்டத்துக்கு குவைட் அ ஃபியூ வந்தார்கள் என்று சொன்னால் கோபப்படாதீர்கள், பாராட்டுகிறார்.