பழைய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்

வேலைவாய்ப்புத் தளத்தில் புதிய கைபேசி எண்ணையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிந்துவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். போதாது. நீங்கள் முன்பே அனுப்பிய விண்ணப்பத்தை மனிதவளப் பிரிவினர் பெரும்பாலும் அன்றே இறக்கி, எக்ஸெல் பட்டியலில் ஏற்றியிருப்பார்கள். நேர்காணலுக்குத் தேர்வானதும் அந்தப் பட்டியலில் உள்ள எண்ணைத்தான் அழைப்பார்கள். அது அணைந்து கிடந்தால் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை.

ஆகவே தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பழைய மின்னஞ்சல் முகவரி இன்னும் திறக்கிறதென்றால் அதிலிருந்தே அனுப்புவது நல்லது. உங்கள் விண்ணப்பம் அந்த முகவரியில்தான் பதிவாகியிருக்கிறது, அனுப்புவது நீங்கள்தான் என்பதற்கும் அதுவே சான்று. தலைப்பிலேயே பெயர், பதவி, விண்ணப்ப எண் இருக்கட்டும். உள்ளே பழைய எண், புதிய எண், பழைய முகவரி, புதிய முகவரி நான்கும் வேண்டும். புதியதை மட்டும் எழுதினால் பட்டியலில் உங்களைத் தேடிப் பிடிப்பது கடினம். திருத்திய சுயவிவரத்தையும் இணையுங்கள். noreply என்று தொடங்கும் முகவரிக்குப் பதில் எழுதினால் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. விளம்பரத்தில் கொடுத்த முகவரிக்கே அனுப்புங்கள். பதில் வரும்வரை பழைய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள்.