வைப்பின் வட்டியும் வாங்கும் சக்தியும்

நிலையான வைப்பில் இட்ட பணம் ஒருபோதும் குறையாது என்னும் கருத்து இலங்கையின் நடுத்தர வர்க்கத்தினரிடையே ஐயத்திற்கு இடமற்ற உண்மையாகவே நிலவி வருகின்றது. இது அரை உண்மை. வங்கி உறுதியளிப்பது ரூபாக்களின் எண்ணிக்கையையே. அந்த ரூபாக்கள் எவற்றை வாங்கும் என்பதையன்று.

2021 செப்டெம்பரில் ஒருவர் 100,000 ரூபாவை 6 சதவீத வட்டிக்கு ஓராண்டு வைப்பாக இட்டார் எனக் கொள்வோம். முதிர்வின்போது அவர் பெறுவது 106,000 ரூபா. பெயரளவு வருவாய் 6 சதவீதம். ஆனால் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. முன்னர் 100 ரூபாவுக்குக் கிடைத்த பண்டங்களுக்கு இப்பொழுது 169.80 ரூபா வேண்டும். எனவே 106,000 ஐ 1.698 ஆல் வகுத்தல் வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ 62,400 ரூபா. வைப்பாளர் தம் சேமிப்பின் வாங்கும் சக்தியில் 37.6 சதவீதத்தை இழந்துவிட்டார். கைப்பணமாக வைத்திருப்பின் இழப்பு 41 சதவீதமாகியிருக்கும். வட்டி காத்தது அந்தச் சிறு வேறுபாட்டை மட்டுமே.

வட்டிவீதத்திலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் மெய் வருவாய் கிடைக்கும் என்போரும் உளர். விலையேற்றம் சிறிதாயின் அவ்வழி பெரிதும் பிழைக்காது. இங்கோ அது 63.8 சதவீத இழப்பைக் காட்டி உண்மையைத் திரித்துவிடும்.

இழப்பு பணவீக்கத்தோடு முடிவதில்லை. 2025 ஏப்ரல் முதல், விலக்குப் பெறாதவரின் வட்டியில் 10 சதவீதம் வரியாக முற்கூட்டியே கழிக்கப்படுகின்றது. வட்டி 10 சதவீதம், பணவீக்கம் 8 சதவீதம் எனின், வரிக்கு முன் மெய் வருவாய் 1.85 சதவீதம், வரிக்குப் பின் 0.93 சதவீதம். பத்தில் ஒரு பங்கு எனப்படும் வரி மெய் வருவாயிற் பாதியைக் கவர்ந்துகொள்கின்றது. விலையேற்றத்தை ஈடுசெய்யும் வட்டிப் பகுதியும் வருமானமாகக் கருதப்படுவதே இதன் காரணம். முதிர்வுக்கு முன் பணத்தை மீளப்பெறுவோருக்கு வட்டிவீதமும் குறைக்கப்படும், எஞ்சியதும் கரைந்துபோகும்.

2022 செப்டெம்பரில் 20 சதவீத வட்டிக்கு வைப்பிட்டவர் பெரும் பயன் பெற்றாரே என ஒரு மறுப்பு எழலாம். மெய்தான். 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக வீழ்ந்தமையால், வரிக்கு முன் அவருடைய மெய் வருவாய் 18 சதவீதத்தையும் தாண்டியிருக்கும். ஆயினும் இம்மறுப்பு வாதத்தை வலுப்படுத்துகின்றதேயன்றித் தகர்க்கவில்லை. வருவாயைத் தீர்மானித்தது வைப்பிட்ட நாளின் பணவீக்கமன்று. அதன் பின் வந்த ஆண்டின் பணவீக்கமே. அதனை அன்று வங்கியும் அறியாது, வைப்பாளரும் அறியார்.

ஆகவே நிலையானது வட்டிவீதமேயன்றி வருவாயன்று. விளம்பரங்கள் பெயரளவு வீதத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, வரியையும் விலையேற்றத்தையும் பற்றி வாய்திறவாதிருக்கும்வரை, 'பாதுகாப்பான வைப்பு' என்னும் சொல் ஓய்வூதியரின் அறியாமையிலேயே தங்கி நிற்கும்.