கட்டிய பணமும் திரும்பாத வரம்பும்

1970களில் தாராள வர்த்தக மண்டலமாக உருவெடுத்த சுங்கை வேயின் தொழிற்சாலைகளில் உழைப்போர் பலருக்கும் கடன் அட்டை ஓர் அவசரத் துணை. ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டும் அதற்குக் குறைவுமாக உள்ளவர் இரு நிறுவனங்களிடம் மட்டுமே அட்டை பெறலாம். ஒவ்வொன்றின் வரம்பும் மாதச் சம்பளத்தின் இருமடங்கைத் தாண்டலாகாது என்பது பேங்க் நெகாராவின் விதி. 2,500 ரிங்கிட் சம்பளக்காரருக்கு, ஆக, ஒரு நிறுவனத்திடம் 5,000தான் உச்சம். இவ்வளவு குறுகிய வரம்புடையவர் நிலுவையைக் கட்டிய பின்னும் அவ்வரம்பு நிரம்பாமல் நிற்கக் கண்டால், பணம் தொலைந்துவிட்டதோ என்று பதறுவது இயல்பே. அப்பதற்றத்தில் இரண்டாம் முறை கட்டுவோரும் உண்டு.

அத்தகைய ஒருவரின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அட்டை அறிக்கையில் 2,500 ரிங்கிட் கட்டச் சொல்லியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு, வேறொரு வங்கியில் உள்ள தம் சேமிப்பிலிருந்து ஐ.பி.ஜி. வழியாக அதை முழுமையாகக் கட்டுகிறார். சனிக்கிழமை காலை வரம்பில் ஒரு காசும் ஏறவில்லை.

ஐ.பி.ஜி. பணத்தைத் தொகுதி தொகுதியாக, வேலை நாள்களில் மட்டுமே கொண்டு சேர்க்கும் முறை. சனி, ஞாயிறு கழிந்து திங்களன்றே பணம் அட்டை வங்கியை அடைகிறது. அங்கும் அது வந்த கணமே வரம்பாக மாறுவதில்லை. பல வங்கிகளில் அட்டைக் கணக்கு தனி அமைப்பில் இயங்குகிறது. அன்றைய வரவுகளையெல்லாம் இரவில் ஒருசேரப் பதிவதே வழக்கம். ஆகவே செவ்வாய் காலைதான் வரம்பு உயர்கிறது. டியூட்நவ் சில நொடிகளில் பணத்தைச் சேர்த்துவிடும். ஆயினும் இரவுப் பதிவுக்குக் காத்திருக்கும் வங்கியில் அவ்விரைவு வரம்பில் தெரியாது. காசோலை என்றால் அது மாறிப் பணமாகும் வரை வங்கி காத்திருப்பது நியாயமே. திரும்பிவரும் காசோலையை நம்பி வரம்பைத் திறந்துவிட்டால், செலவழிந்த தொகையை வங்கியே இழக்க நேரும்.

செவ்வாயன்று 5,000 கிடைக்கும் என்று நம்பியவருக்குத் திரையில் தெரிவது 3,700. மீதி 1,300 எங்கே?

முதலில், குளிர்சாதனப் பெட்டிக்கான தவணை. வட்டியின்றி 12 மாதங்களுக்கு மாதம் 100 என்று வாங்கியபோதே 1,200 ரிங்கிட்டும் வரம்பிலிருந்து கழிக்கப்பட்டுவிட்டது. அறிக்கை கேட்பது அம்மாதத்து 100ஐ மட்டும். கட்டினால் திரும்புவதும் அந்த 100 மட்டும். இன்னும் எட்டுத் தவணை இருப்பதால் 800 முடங்கிக் கிடக்கிறது. இரண்டாவது, அறிக்கை அச்சான பிறகு அவர் செய்த 300 ரிங்கிட் செலவு. அது அடுத்த மாதக் கணக்கு. மூன்றாவதுதான் பலரும் அறியாதது. பெட்ரோல் நிலையத்தில் எண்ணெய்க் குழாயருகே அட்டையைச் செருகியதும் 200 ரிங்கிட் முன்கூட்டியே பிடித்துவைக்கப்படுகிறது. 40 ரிங்கிட்டுக்கே எண்ணெய் ஊற்றினாலும் அப்பிடிப்பு விலகச் சில நாள்கள் ஆகலாம். கல்லாவில் தொகையைச் சொல்லிக் கட்டினால் இது நேராது. 800, 300, 200 ஆகிய மூன்றும் கூடி 1,300, எதுவும் தொலையவில்லை.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. அட்டையின் பரிவர்த்தனைப் பட்டியலில் கட்டிய தொகை பதிவாகியிருந்தால், குறையும் வரம்பு இம்மூன்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். இரண்டு மூன்று வேலை நாள்கள் கடந்தும் பதிவே இல்லையெனில், அட்டை எண் தவறியிருக்கலாம்; பணம் அனுப்பிய ரசீதின் குறிப்பு எண்ணுடன் வங்கியைத் தொடர்புகொள்ள வேண்டும். மறுபடி கட்டுவது தீர்வன்று.

வரம்பின் தாமதத்தைவிடக் கெடுநாள் கொடியது. மேற்சொன்னவருக்குக் கெடு வெள்ளிக்கிழமையாக இருந்திருந்தால், அன்றிரவு அனுப்பிய பணம் தாமதமாகவே கருதப்படக்கூடும். தாமதக் கட்டணம் நிலுவையில் 1 விழுக்காடு அல்லது 10 ரிங்கிட், எது அதிகமோ அது, உச்சம் 100. அவருக்கு அது 25 ரிங்கிட், வட்டி தனி.

வங்கிகள் இதில் கைகழுவலாகாது என்பது நமது திடமான கருத்து. காசோலைக்குரிய எச்சரிக்கையை, நொடியில் உறுதியாகிவிட்ட டியூட்நவ் பணத்துக்கும் பொருத்துவதற்கு நியாயமில்லை. 20,000 ரிங்கிட் வரம்புடையவருக்கு மூன்று நாள் தாமதம் ஒரு பொருட்டன்று. 5,000 உடையவருக்கோ அது மருத்துவமனைக் கல்லாவில் அட்டை மறுக்கப்படும் நிலை. பணம் வந்துவிட்டதா, எந்நாளில் வரம்பாகும், தவணைக்கு எவ்வளவு, முன்பிடிப்புக்கு எவ்வளவு என்னும் நான்கையும் கைப்பேசிச் செயலியின் ஒரே பக்கத்தில் வங்கிகள் காட்ட வேண்டும். இவ்விவரங்கள் வங்கியின் கணினியில் ஏற்கெனவே இருப்பவை. வாடிக்கையாளருக்கு இவற்றைக் காட்டுவதைக் கட்டாயமாக்கும் ஆணையைப் பேங்க் நெகாரா பிறப்பிக்க வேண்டும்.