எடை சரி, தங்கம் எங்கே? நகைக்கடையின் சேதாரக் கணக்கு

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பக்கத்துக் குடும்ப நகைக்கடைகளில் மாதச் சம்பளம் வந்ததும் தொழிற்சாலை ஊழியர்களின் கூட்டம் கூடும். பெரும்பாலும் வாங்குவது மூக்குத்தி, கம்மல், மெல்லிய செயின். எல்லாமே சின்னச் சின்ன எடை. அதனால் மில்லிகிராம் தவறினாலும் கடைக்காரருக்கு வலிக்கும்.

அப்படி ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை இரவு கடையை அடைத்துவிட்டு அப்பாவும் மகனும் சரக்கை எடை போடுகிறார்கள். நோட்டில் இருக்கும் சொக்கத் தங்கக் கணக்குக்கும் தராசுக்கும் 130 மில்லிதான் வித்தியாசம். "தராசு வித்தியாசமா இருக்கும், விடுப்பா" என்கிறார் மகன். ஆனால், உண்மையில் அந்த வாரம் கடை இழந்தது 2 கிராமுக்கும் மேல். அது எப்படி மறைந்தது?

முதலில் ஓர் அடிப்படை விஷயம். நகைக்கடையில் எடையை மட்டும் எழுதினால் போதாது. 22 கேரட் நகையில் 91.6 சதவிகிதம்தான் தங்கம். மீதி செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். அதனால் ஒவ்வொரு வரவையும் செலவையும் எடை, தரம், இரண்டையும் பெருக்கி வரும் சொக்கத் தங்கம் என மூன்று கட்டங்களாக எழுத வேண்டும். கல் இருந்தால் அதன் எடையை முன்பே கழித்துவிட வேண்டும்.

பட்டறைக் கணக்கைப் பார்த்தால் இது புரியும். பத்தரிடம் 999 தரத்தில் 100 கிராம் கட்டி கொடுக்கிறார் அப்பா. அதில் சொக்கத் தங்கம் 99.9 கிராம். பத்தர் 22 கேரட்டில் 104 கிராம் நகை செய்து தருகிறார். எடையை மட்டும் பார்த்தால் 4 கிராம் லாபம் போலத் தெரியும். ஆனால், அந்த நகையில் இருக்கும் தங்கம் 95.26 கிராம்தான். பேசிய சேதாரம் 3 சதவிகிதம் என்றால், அதற்கு 2.86 கிராம் தங்கம் போகும். இரண்டையும் கழித்தால் பத்தரிடம் இன்னும் 1.78 கிராம் பாக்கி. அது துண்டாகத் திரும்ப வர வேண்டும், அல்லது அவர் பெயரில் பற்றாக நிற்க வேண்டும்.

அராவும்போதும் மெருகு போடும்போதும் தூளாகப் போவதுதான் பட்டறைச் சேதாரம். வாடிக்கையாளர் பில்லில் வரும் சேதாரம் வேறு. 20 கிராம் நகைக்கு 12 சதவிகிதம் என்றால், அவர் 22.4 கிராமுக்குப் பணம் தருகிறார். ஆனால், கடையை விட்டு வெளியே போவது 20 கிராம்தான். மீதி 2.4 கிராமின் மதிப்பு கடையின் வருமானம். பட்டறைச் சேதாரம் உட்பட பல செலவுகள் அதிலிருந்துதான் ஈடாகின்றன.

மகன் சறுக்கியது இங்கேதான். பில்லைப் பார்த்து, சரக்கு நோட்டில் 22.4 கிராம் செலவு என்று எழுதிவிட்டார். இதனால் நோட்டில் இருப்பதைவிடப் பெட்டியில் 2.20 கிராம் சொக்கத் தங்கம் கூடுதலாக இருந்திருக்க வேண்டும்.

ஆனால் இல்லை. ஏனென்றால், அதே வாரம் 50 கிராம் பழைய நகை வாங்கியபோது, 'டச்' பார்க்காமல் 22 கேரட் என்று எழுதி 45.80 கிராம் தங்கம் வரவு வைத்திருந்தார்கள். உருக்கிய பிறகு அழுக்கு போக 49.4 கிராம் நின்றது. தரம் 88 தான். கண்ணிகளை ஒட்டப் பொடி வைத்து ஊதிய பழைய செயின்களில் இது சகஜம். உண்மையில் கிடைத்த தங்கம் 43.47 கிராம். குறைவு 2.33 கிராம்.

அங்கே 2.33 குறைவு, இங்கே 2.20 மிகை. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கி, மிஞ்சியது அந்த 130 மில்லி. அடுத்த மாதம் மகன் பில் தவறைத் திருத்திக்கொண்டு, பழைய நகையை அதேபோல வாங்கினால் திடீரெனப் பற்றாக்குறை தெரியும். அப்போது சந்தேகம் முதலில் பத்தர் மீதோ, கவுன்ட்டரில் நிற்கும் பெண் மீதோதான் விழும்.

தப்பிக்க வழி, மொத்தமாக ஒரே கணக்குப் போடாமல் இருப்பது. விற்பனைச் சரக்கு, பத்தர் பற்று, பழைய தங்கம் மூன்றையும் தனித்தனியாக எடைபோட்டுச் சரிபார்த்தால், தவறு எந்த இடத்தில் என்று அன்றைக்கே தெரியும். பழைய நகைக்கு, டச் பார்த்த பிறகே தரம் எழுத வேண்டும். உருக்கியதும் அந்த வரியைத் திருத்த வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க HUID எண் கட்டாயம். புது நகையின் தரத்தை வாங்குபவரே BIS Care செயலியில் சரிபார்க்கலாம். ஆனால், 2 கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. ஒரகடத்து ஊழியர் வாங்கும் மூக்குத்திக்கு, பில்லில் கடைக்காரர் எழுதித் தரும் எடையும் தரமும்தான் சாட்சி. இரண்டையும் எழுதி வாங்காமல் கடையை விட்டு இறங்க வேண்டாம்.