அடுத்த வீட்டுத் தீயும் நம் வீட்டுக் கரியும்



அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டில் பற்றிய தீ அங்கேயே அணைக்கப்பட்டாலும், அதன் புகை படிக்கட்டு வழியாகவும் சன்னல் வழியாகவும் மேலேறி நம் சுவர்களையும் துணிமணிகளையும் கருக்கிவிடுகிறது. இந்த நட்டத்தை யார் ஈடுசெய்வார்?

தீப்பற்றிய வீட்டுக்காரரின் இன்ஷூரன்ஸ் கொடுக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அவருடைய பாலிசி பொதுவாக அவருடைய உடைமைக்கே உரியது. அவரிடம் ஈடு கேட்பதாயின், அவருடைய கவனக்குறைவினாலேயே தீ மூண்டது என்று மெய்ப்பிக்க வேண்டும், அது எளிதன்று. ஆகவே நம்முடைய சொந்தப் பாலிசியில் கோருவதே நேர்வழி. தீயிலிருந்து எழுந்த புகையின் சேதமும் தீயினால் விளைந்த சேதமே. நெருப்பு நம் வாசலுக்குள் வந்திருக்க வேண்டுவதில்லை. வீட்டுக்கடன் பெற்ற பலர், வங்கியின் வழியாக எடுத்த பாலிசி தம்மிடம் இருப்பதையே மறந்துவிடுகின்றனர். முதலில் அதைத் தேடி எடுங்கள்.

2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பாலிசியைச் சான்றாகக் கொள்வோம். மூன்றாம் மாடியில் வாழும் ஒரு குடும்பம், கட்டடத்தை 20 இலட்சம் ரூபாய்க்கும் அதனோடு வீட்டுப் பொருட்களையும் சேர்த்துக் காப்பீடு செய்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். கட்டடத் தொகையில் 20 விழுக்காடு, அதாவது 4 இலட்சம் வரை, பொருட்களுக்கும் காப்பு உண்டு. கட்டடத்திற்கு மட்டும் எடுத்திருந்தால் கட்டில் மெத்தைக்கு ஈடு கிடையாது.

இரண்டாம் மாடியில் தீப்பற்றிய அன்றே அக்குடும்பம் செய்ய வேண்டியவை சில. நிறுவனத்திற்குத் தொலைபேசியில் அறிவித்து, கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். எதையும் துடைக்குமுன், எறியுமுன், ஒவ்வோர் அறையையும் நிழற்படம் எடுக்க வேண்டும். ஈரத்துணியால் சுவரைத் துடைப்பது பெருந்தவறு. எண்ணெய்ப் பசையுள்ள கரி சுண்ணப்பூச்சுக்குள் ஊறிவிடும். தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை உடனே இயக்கலாகாது. பிளாஸ்டிக்கும் மின்கம்பி உறையும் எரிந்த புகை, ஈரத்தோடு கூடி அமிலமாகி உலோகத்தை அரிக்கும். மின்பழுது பார்ப்போர் சோதித்து எழுதித்தரும் குறிப்பு கோரிக்கைக்கும் உதவும்.

தீயணைப்பு நிலையத்தின் அறிக்கையில் பெரும்பாலும் எரிந்த வீடு மட்டுமே இடம்பெறும். நம் கதவு எண்ணும் அங்கு ஏறிய புகையும் அதில் குறிக்கப்படுமாறு எழுத்தில் வேண்டிக்கொள்ளுங்கள். கோரிக்கைப் படிவத்தை 30 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பின்னர் நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து மதிப்பிடுவார். பெரும்பாலோர் இழப்பது இங்கேதான். வண்ணம் பூசுபவர் "இரண்டு பூச்சு, 48,000 ரூபாய்" என்று எழுதித்தருகிறார். சர்வேயரும் அதையே ஏற்கிறார். ஆனால் கரியின்மேல் நேரே பூசினால், சில மாதங்களில் மஞ்சட்கறை மேலெழும்; மழைநாளில் புகைநாற்றம் திரும்பும். உலர்முறையில் கரியை நீக்குதல், கழுவுதல், கறையைத் தடுக்கும் முதற்பூச்சு, அதன்பின் இரு வண்ணப்பூச்சு என்று வேலையைப் பிரித்து எழுதச் சொன்னால், அக்குடும்பத்தின் மதிப்பீடு 82,000 ஆகிறது. இது மிகைப்படுத்தல் அன்று. செய்யவேண்டிய வேலையின் உண்மைக் கணக்கு. செய்யாத வேலையைச் சேர்த்து எழுதுவதோ பொய். அது கோரிக்கை முழுவதையும் கெடுத்துவிடும்.

இன்னும் ஒன்று. கீழ்வீட்டார் மனம் வருந்தி 15,000 ரூபாயைக் கையில் கொடுத்து, "இனி எங்கள்மேல் எவ்விதக் கோரிக்கையும் இல்லை என எழுதித்தாருங்கள்" என்று கேட்கலாம். பிறரன்பை எண்ணி உடனே கையெழுத்திடாதீர்கள். நமக்கு ஈடு கொடுத்தபின், தவறு செய்தவரிடம் அதனை மீட்கும் உரிமை நிறுவனத்திற்கு உண்டு. நம் கடிதம் அவ்வுரிமையை அழித்துவிட்டால், நமக்குரிய ஈட்டை மறுக்கவோ குறைக்கவோ அதுவே காரணமாகலாம். முதலில் நிறுவனத்தின் எழுத்துமூலமான இசைவைக் கேளுங்கள். பணம் ஏதும் பெற்றிருந்தால் மறையாமல் தெரிவியுங்கள்.

கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திற்கே முறையீடு எழுதுங்கள். ஒரு மாதத்திற்குள் மறுமொழி வராவிடினும், வந்த மறுமொழி நிறைவளிக்காவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையிலும் அவ்வலுவலகம் உண்டு. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் வேண்டியதில்லை. ஓராண்டுக் காலவரம்பை மட்டும் தவறவிடலாகாது.

கீழ்வீட்டாரோ நம்மினும் மிகுதியாக இழந்தவர்கள். நம் பாலிசியில் நாம் கோரும்போது அவர்களோடு வழக்காட வேண்டிய தேவை நமக்கு இல்லை. அன்றிரவு அவர்களுடைய பிள்ளைகளுக்கு உணவளிக்க எந்த நிறுவனத்தின் இசைவும் வேண்டுவதில்லை.